பல சரக்கு விற்கும் கடைக்கு பிரேக்-ஈவன் கணக்கு: விற்பனைக் கலவை மாறினால் புள்ளி எங்கே நகரும்?

லாபமும் நட்டமும் இல்லாமல் கடை நிற்கும் விற்பனை அளவுதான் பிரேக்-ஈவன் புள்ளி. ஒரே பொருளை விற்பவருக்கு இந்தக் கணக்கு சுலபம். மாதச் செலவை ஒரு கிலோவில் மிஞ்சும் தொகையால் வகுத்தால் போதும், எத்தனை கிலோ விற்றால் முதலுக்கு மோசமில்லை என்று தெரிந்துவிடும். ஊட்டியிலோ குன்னூரிலோ தேயிலைத்தூள், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் விற்பவருக்கு அது போதாது. கடை வாடகையில் வர்க்கியின் பங்கு எவ்வளவு, சாக்லேட்டின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் மூன்றையும் சேர்த்து ஒரே புள்ளிதான் போட முடியும். அந்தப் புள்ளி, மூன்றும் எந்த விகிதத்தில் விற்கின்றன என்பதைப் பொறுத்து நகரும்.

கீழே வருவது அப்படிப்பட்ட ஒரு கடையின் கணக்கு. விலைகளும் செலவுகளும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கடை எண்களை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று மாத பில் புத்தகம் அல்லது பில்லிங் மெஷினின் பொருள்வாரி அறிக்கை, கொள்முதல் பில்கள், மாதச் செலவுக் குறிப்பு ஆகியவை வேண்டும். மொத்த விற்பனை மட்டும் தெரிந்தால் பயனில்லை. ஒவ்வொரு பொருளிலும் எத்தனை ரூபாய்க்கு விற்றது என்பது தனித்தனியாகத் தெரிய வேண்டும். பில்லில் "பலவகை" என்று போட்டு அடிக்கும் பழக்கம் இருந்தால், முதலில் அதை நிறுத்திவிட்டு ஒரு மாதம் பொறுத்துக் கணக்கில் உட்காருங்கள்.

விற்பனைத் தொகையை ஜிஎஸ்டி கழித்த பிறகே எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் தரும் வரி உங்கள் கையில் தங்குவதில்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வரியைத் தனியே வசூலிக்க முடியாது. அவர் முழு விற்பனையையும் எடுத்துக்கொண்டு, கட்டும் வரியை மாறும் செலவில் சேர்க்க வேண்டும்.

2. செலவை இரண்டாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு செலவிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்னும் ஒரு கிலோ கூடுதலாக விற்றால் இது கூடுமா? கூடினால் மாறும் செலவு. கூடாவிட்டால் நிலைச் செலவு.

உதாரணக் கடையின் மாத நிலைச் செலவு இது: வாடகை 48,000, இரண்டு ஆட்களின் சம்பளம் 34,000, உரிமையாளரின் உழைப்புக்கு 18,000, மின்சாரமும் போனும் 6,000, கடன் வட்டி, உரிமக் கட்டணம், காப்பீடு சேர்த்து 6,000. மொத்தம் 1,12,000 ரூபாய்.

உரிமையாளருக்கான 18,000-ஐப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறொருவரைக் கல்லாவில் உட்கார வைத்தால் கொடுக்க வேண்டிய தொகை அது. அதைச் சேர்க்காமல் போட்ட புள்ளியைத் தொட்ட மாதத்தில் கடை நட்டமில்லாமல் ஓடியது போலத் தெரியும். ஆனால் வீட்டுச் செலவுக்குக் கைக்காசு எடுக்க வேண்டியிருக்கும்.

சாக்லேட் செய்பவரின் கூலி எந்தப் பக்கம் போகும் என்பது நீங்கள் கொடுக்கும் விதத்தைப் பொறுத்தது. கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மாறும் செலவு. மாதச் சம்பளம் என்றால், அவர் பத்து கிலோ செய்தாலும் நூறு கிலோ செய்தாலும் அது நிலைச் செலவுதான்.

3. ஒவ்வொரு பொருளிலும் கிலோவுக்கு என்ன மிஞ்சுகிறது

விற்ற விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது பங்களிப்பு. அதை விற்ற விலையால் வகுத்தால் பங்களிப்பு சதவீதம்.

தேயிலைத்தூள் கிலோ 320-க்கு விற்கிறது. கொள்முதலும் பாக்கெட்டும் சேர்த்து 256. மிஞ்சுவது 64, அதாவது 20 சதவீதம்.

வர்க்கி கிலோ 240. மாறும் செலவு 168. மிஞ்சுவது 72, அதாவது 30 சதவீதம்.

சாக்லேட் கிலோ 800. காம்பவுண்ட், பருப்பு வகைகள், கிலோக்கணக்குக் கூலி, பெட்டி எல்லாம் சேர்த்து 440. மிஞ்சுவது 360, அதாவது 45 சதவீதம்.

வர்க்கியின் 168 எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பேக்கரியில் வாங்கும் விலை கிலோ 152தான். ஆனால் மழைக்காலத்தில் நூறு கிலோ வாங்கினால் ஐந்து கிலோ நமுத்தோ நொறுங்கியோ போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து கிலோவின் விலையை விற்ற 95 கிலோதான் சுமக்க வேண்டும். 152-ஐ 0.95-ஆல் வகுத்தால் 160. கவருக்கு 8 சேர்த்தால் 168. கழிவைச் சேர்க்காமல் 152 + 8 என்று போட்டிருந்தால் பங்களிப்பு 33 சதவீதத்துக்கு மேல் காட்டியிருக்கும்.

தேயிலைத்தூளின் கொள்முதல் விலை நிற்காது. குன்னூர் ஏலம் வாராவாரம் நடப்பதால், சென்ற தீபாவளிக்கு வாங்கிய விலையை வைத்து இந்த ஜூலைக்குக் கணக்குப் போடக் கூடாது. கடைசியாக வாங்கிய பில்லின் விலையைப் போடுங்கள்.

4. கலவையை ரூபாயில் எடுங்கள், கிலோவில் அல்ல

புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஜூலையில் நம் கடையில் நூறு ரூபாய் விற்றால் தேயிலை 50, வர்க்கி 30, சாக்லேட் 20 என்று அறிக்கை சொல்கிறது. இதுதான் விற்பனைக் கலவை. ஒவ்வொரு பங்கையும் அந்தப் பொருளின் பங்களிப்பு சதவீதத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தேயிலையில் 50-க்கு 20 சதவீதம், 10 ரூபாய். வர்க்கியில் 30-க்கு 30 சதவீதம், 9 ரூபாய். சாக்லேட்டில் 20-க்கு 45 சதவீதம், 9 ரூபாய். நூறு ரூபாய் விற்றால் 28 ரூபாய் மிஞ்சுகிறது. கடையின் சராசரிப் பங்களிப்பு 28 சதவீதம்.

இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கும். ஒன்று, 20, 30, 45 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது. அது 31.67 என்று வரும். அதை நம்பினால் 3,53,684 ரூபாய் விற்றால் போதும் என்று தோன்றும். உண்மையில் அந்த விற்பனையில் 28 சதவீதம்தான் மிஞ்சும் என்பதால் ஏறத்தாழ 13,000 ரூபாய் துண்டு விழும். பாதி விற்பனை தேயிலையாக இருக்கும்போது, அதற்கும் சாக்லேட்டுக்கும் சம எடை கொடுத்ததுதான் காரணம்.

இரண்டாவது தவறு, கிலோக் கணக்கில் எடுத்த பங்கை ரூபாய்ச் சதவீதத்தோடு பெருக்குவது. ஒரு கிலோ சாக்லேட்டின் விலை ஒரு கிலோ வர்க்கியைப் போல மூன்று மடங்குக்கு மேல். எடையில் பார்த்தால் அதன் பங்கு மிகச் சிறியதாகத் தெரியும், பணத்தில் அப்படி இல்லை. சதவீதத்தோடு ரூபாய்ப் பங்கு, கிலோப் பங்களிப்போடு கிலோப் பங்கு. இந்த இரண்டு ஜோடிகளையும் கலக்கக் கூடாது.

5. புள்ளியைப் போட்டு, கிலோவாக்கிச் சரிபாருங்கள்

நிலைச் செலவை சராசரிப் பங்களிப்பால் வகுங்கள். 1,12,000-ஐ 0.28-ஆல் வகுத்தால் 4,00,000 ரூபாய். இதுதான் ஜூலைக் கலவைக்கான பிரேக்-ஈவன் விற்பனை.

இத்தோடு நிறுத்திவிடாமல் அதைக் கிலோவாக மாற்றுங்கள். நான்கு லட்சத்தில் பாதியான 2,00,000 தேயிலை என்றால் 625 கிலோ. வர்க்கி 1,20,000 என்றால் 500 கிலோ. சாக்லேட் 80,000 என்றால் 100 கிலோ. இனி கிலோப் பங்களிப்பால் பெருக்குங்கள்: 625 × 64 = 40,000. 500 × 72 = 36,000. 100 × 360 = 36,000. மூன்றும் சேர்ந்து 1,12,000. நிலைச் செலவோடு ரூபாய் மாறாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மூன்றாம், நான்காம் படிகளில் பிழையைத் தேடுங்கள்.

கிலோவாக்குவதில் இன்னொரு பயனும் உண்டு. மாதம் 625 கிலோ தேயிலை என்றால் நாளுக்கு ஏறத்தாழ 21 கிலோ. உங்கள் கடையில் அது நடக்கிற காரியமா என்பதை ரூபாயை விடக் கிலோவில் சட்டென்று சொல்லிவிடலாம்.

6. விலையை மாற்றப் போகிறீர்களா? அப்போது கட்டுக் கணக்கு

விலையை மாற்றினால் பங்களிப்பு சதவீதம் மட்டுமல்ல, ரூபாய்க் கலவையும் சேர்ந்தே மாறிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தும்போது குழப்பம் வரும். அந்தச் சமயத்தில் கிலோக் கணக்கே பத்திரமானது.

625 : 500 : 100 என்பதைச் சுருக்கினால் 25 : 20 : 4. இருபத்தைந்து கிலோ தேயிலை, இருபது கிலோ வர்க்கி, நான்கு கிலோ சாக்லேட் சேர்ந்தது ஒரு கட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கட்டில் மிஞ்சுவது 1,600 + 1,440 + 1,440 = 4,480. நிலைச் செலவை இதனால் வகுத்தால் 25 கட்டு. ஒரு கட்டின் விற்பனை 16,000 என்பதால் அதே நான்கு லட்சம்தான் வருகிறது.

இப்போது சாக்லேட் விலையைப் பத்து சதவீதம் குறைத்து 720 ஆக்கினால், கிலோவுக்கு 280தான் மிஞ்சும். கட்டுப் பங்களிப்பு 4,160 ஆகிறது. 1,12,000-ஐ இதனால் வகுத்தால் 26.9, அதாவது 27 கட்டு. சாக்லேட் மட்டுமல்ல, மூன்றுமே எட்டு சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். தள்ளுபடி சாக்லேட்டில்தான், ஆனால் அதன் சுமை கடை முழுவதும் விழுகிறது. தள்ளுபடியால் சாக்லேட் மட்டும் நன்றாகக் கூடுதலாக விற்கும் என்று எதிர்பார்த்தால், கட்டில் அதன் கிலோவை உயர்த்தி மறுபடி போட்டுப் பாருங்கள்.

7. கலவை சரிந்தால்: விற்பனை கூடியும் கையில் ஒன்றும் இல்லாத மாதம்

ஆகஸ்டில் கடை 4,40,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். பிரேக்-ஈவன் நான்கு லட்சம்தானே, மிச்சம் நாற்பதாயிரத்தில் 28 சதவீதமான 11,200 ரூபாய் லாபமாக நிற்க வேண்டும் என்று உரிமையாளர் நினைக்கிறார். மாதக் கடைசியில் 200 ரூபாய்தான் நிற்கிறது.

பொருள்வாரி அறிக்கையைப் பிரித்தால் காரணம் தெரிகிறது. மழையில் சுற்றுலா வரத்து குறைந்து சாக்லேட் விற்பனை 44,000-க்கு இறங்கிவிட்டது. உள்ளூர் டீக்கடைகள் வாங்கியதில் தேயிலை 2,64,000-க்கு ஏறிவிட்டது. வர்க்கி 1,32,000. கலவை 60 : 30 : 10. சராசரிப் பங்களிப்பு 12 + 9 + 4.5 = 25.5 சதவீதம். புதிய புள்ளி 1,12,000-ஐ 0.255-ஆல் வகுத்தால் 4,39,216. கடை அதை மயிரிழையில் தாண்டியிருக்கிறது.

வேறுபாட்டை இரண்டாகப் பிரித்து எழுதினால் தெளிவாகும். விற்பனை கூடியதால் வந்தது: 40,000-க்கு 28 சதவீதம், 11,200 கூடுதல். கலவை சரிந்ததால் போனது: 4,40,000-க்கு 2.5 சதவீதம், 11,000 குறைவு. மிச்சம் 200. இந்த இரண்டு வரியையும் மாதாமாதம் எழுதிவைத்தால், லாபம் குறைந்தது வியாபாரம் மந்தமானதாலா, சரக்கு மாறி விற்றதாலா என்று ஊகிக்க வேண்டிய அவசியம் இருக்காது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கலவைக்குப் போகும் முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். டீக்கடைகளுக்கு மொத்த விலையில் கொடுத்திருந்தால் தேயிலையின் 20 சதவீதமே குறைந்திருக்கும். அப்போது சில்லறைத் தேயிலை, மொத்தத் தேயிலை என்று இரண்டு வரியாகப் பிரித்துத்தான் போட வேண்டும். பங்களிப்பு வேறானால் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு பொருள்.

8. சீசனில் கலவை நல்லதாகிறது, ஆனால் செலவும் ஏறுகிறது

மே மாதத்தில் மலர்க்காட்சிக்கு வரும் கூட்டம் சாக்லேட்டை அள்ளிப் போகும். கலவை 25 : 25 : 50 ஆகிறது. சராசரிப் பங்களிப்பு 5 + 7.5 + 22.5 = 35 சதவீதம். அதே 1,12,000-க்குப் புள்ளி 3,20,000-ஆக இறங்கிவிடுகிறது. நான்கு லட்சத்திலிருந்து எண்பதாயிரம் குறைவு. இங்கேயே கணக்கை மூடிவிடுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

சீசனுக்கு இரண்டு ஆள் கூடுதலாக வைத்து, சாக்லேட் வைக்க இன்னொரு ஃபிரிட்ஜும் வாடகைக்கு எடுத்தால் 28,000 ஏறுகிறது என்று கொள்வோம். நிலைச் செலவு 1,40,000. புள்ளி 1,40,000-ஐ 0.35-ஆல் வகுத்தால் மறுபடி 4,00,000. கலவையால் கிடைத்த எண்பதாயிரத்தையும் கூடுதல் செலவு அப்படியே விழுங்கிவிட்டது.

அடுத்தது கமிஷன். சுற்றுலா வண்டி ஓட்டுநர் அழைத்து வரும் குடும்பம் வாங்கும் தொகையில் அவருக்கு ஒரு பங்கு கொடுக்கும் கடைகள் உண்டு. விற்றால் மட்டும் போவதால் அது மாறும் செலவு. அதைச் சில்லறைச் செலவு என்று மாத நிலைச் செலவில் எழுதுவது தவறு. சாக்லேட் விற்பனையில் பாதி இப்படி வந்து, அதற்குப் பத்து சதவீதம் கமிஷன் என்றால், சாக்லேட்டை இரண்டு வரியாக்குங்கள்: நேராக வந்து வாங்குவது 25 பங்கு, 45 சதவீதம். வண்டியில் வருவது 25 பங்கு, 35 சதவீதம். சராசரி 5 + 7.5 + 11.25 + 8.75 = 32.5 ஆகிறது. புள்ளி 4,30,769. சாக்லேட் அதிகம் விற்கும் மாதத்தின் புள்ளி ஜூலையை விட உயரத்தில் நிற்கிறது. சீசனில் விற்பனையும் பல மடங்கு கூடுவதால் கடை லாபத்தில்தான் இருக்கும். ஆனால் மழையாலோ வேறு காரணத்தாலோ கூட்டம் குறைந்த மே மாதத்தில் இந்தப் புள்ளி கடிக்கும்.

எனவே வருஷம் முழுவதற்கும் ஒரே புள்ளி போடாதீர்கள். கோடை சீசன், மழைக்காலம், செப்டம்பர்-அக்டோபர் இரண்டாம் சீசன், குளிர்காலம் என்று தனித்தனியாகப் போடுங்கள். வருஷப் புள்ளி வங்கிக்குத் தேவைப்பட்டால், பருவங்களின் சதவீதங்களைச் சராசரி எடுக்காமல், பன்னிரண்டு மாதப் பங்களிப்பு ரூபாயைக் கூட்டி பன்னிரண்டு மாத விற்பனையால் வகுங்கள்.

9. "தேயிலை கட்டுபடியாகவில்லை, நிறுத்திவிடலாம்" என்று தோன்றும்போது

ஜூலைக் கணக்கில் நிலைச் செலவை விற்பனைப் பங்குப்படி பிரித்துப் போட்டால், தேயிலை தலையில் 56,000 விழும். அது ஈட்டியதோ 40,000. பதினாறாயிரம் நட்டம் என்று காகிதம் சொல்லும். தேயிலையை நிறுத்தினால் மிச்சம் இரண்டு பொருளின் சராசரிப் பங்களிப்பு 72,000-ஐ 2,00,000-ஆல் வகுக்க 36 சதவீதமாக உயரும். பிரேக்-ஈவன் 3,11,111-ஆக இறங்கும். பார்க்க எல்லாம் நல்லதாகவே தெரியும்.

ஆனால் கடை இப்போது விற்பது இரண்டு லட்சம் மட்டுமே. வாடகையும் சம்பளமும் ஒரு ரூபாய் குறையவில்லை. முன்பு லாபமும் நட்டமும் இல்லாமல் நின்ற கடை, இப்போது மாதம் 40,000 நட்டத்தில் ஓடுகிறது. புள்ளி இறங்குவது மட்டும் நல்ல அறிகுறி அல்ல. விற்பனைக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

சரியான கேள்வி இப்படி இருக்க வேண்டும்: தேயிலையை எடுத்தால் எந்தச் செலவு உண்மையில் நிற்கும், காலியாகும் அலமாரி என்ன ஈட்டும்? செலவு ஏதும் நிற்காவிட்டால், இழக்கும் 40,000-ஐ ஈடுகட்ட 360-ஆல் வகுத்து 111 கிலோ சாக்லேட் கூடுதலாக விற்க வேண்டும். ஜூலை மழையில் நூறு கிலோ விற்கும் கடை 211 கிலோ விற்குமா என்பதை உரிமையாளரே சொல்லிவிடலாம். தேயிலை வாங்க வருபவர் கூடவே கால் கிலோ வர்க்கியும் வாங்கிப் போகிறவராக இருந்தால், இழப்பு 40,000-க்கும் மேலே போகும். ஒரு வார பில்களைப் புரட்டி, தேயிலை உள்ள பில்களில் எத்தனையில் வர்க்கியும் இருக்கிறது என்று எண்ணினால் அது தெரியும்.

10. எக்செல் தாளில் ஓட விடுவது

A2 முதல் A4 வரை பொருளின் பெயர். B பத்தியில் அந்த மாத விற்பனை ரூபாய். C பத்தியில் பங்களிப்பு சதவீதம், 20% என்று % குறியோடு. B6-இல் நிலைச் செலவு. பிறகு B7-இல் சராசரிப் பங்களிப்பும் B8-இல் பிரேக்-ஈவன் விற்பனையும்:

```
B7: =SUMPRODUCT(B2:B4,C2:C4)/SUM(B2:B4)
B8: =B6/B7
```

கலவைச் சதவீதத்தைக் கையால் போடாமல் விற்பனை ரூபாயையே கொடுப்பதால், பங்குகள் கூட்டி நூறு வராத பிழை இதில் நுழையாது. சாக்லேட்டை இரண்டு வரியாக்கினால் 4 என்பதை 5 ஆக்கவும்.

சீசனில் இதை மாதக் கடைசி வரை வைத்திருக்காமல், ஞாயிறு இரவு அந்த வார விற்பனையை இட்டுப் பாருங்கள். நிலைச் செலவை மட்டும் மாதத் தொகையாகவே விடுங்கள். B7 முந்தைய வாரத்தை விட இரண்டு சதவீதப் புள்ளி இறங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கமிஷன் போகும் சாக்லேட்டின் வரிசை, அடுத்து தேயிலையின் கடைசிக் கொள்முதல் பில்.